பிரெஞ்சுச் செய்தியில் 'ஓரே' வந்தால் எப்படிப் படிப்பது?

வணக்கம். கோத்தகிரியில் இருந்துகொண்டு டெல்ஃப் பி1 என்ற பிரெஞ்சு மொழித் தேர்வுக்குப் படிக்கிறேன். 2021 ஏப்ரலில் பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களைத் தாக்கிய உறைபனி பற்றிய ஒரு செய்தியில் சிக்கிக்கொண்டேன்.

தலைப்பு: 'ழெல்: வீஞ் தூஷே மல்க்ரே லே பூழி'. முக்காற்புள்ளிக்கு முன்னால் விஷயம், அதாவது உறைபனி; பின்னால் நடந்தது, அதாவது திராட்சைத் தோட்டங்கள் பாதிக்கப்பட்டது. துணைவினை விடுபட்டிருக்கிறது, பிரெஞ்சுத் தலைப்புகளில் இது வழக்கம்தான். 'மல்க்ரே' என்றால் 'இருந்தும்'. அதனால் 'பூழி' தெரியாவிட்டாலும், பனியைத் தடுக்கச் செய்த ஏதோ ஒன்று பலிக்கவில்லை என்று புரிந்தது. தோட்டத்தில் இரவெல்லாம் ஏற்றி வைத்தார்கள் என்று அடுத்த வரியில் வந்ததும், அது மெழுகுவர்த்தி என்று தெளிவாகிவிட்டது.

அப்புறம் 'புர்தான்' என்று தொடங்கி, 'பூர்ழோன்' கருகியதாக ஒரு வாக்கியம். 'புர்தான்' வந்தாலே எதிர்பார்த்ததற்கு மாறான முடிவு வரும். பனி விழுந்த காலையில் தேயிலையில் முதலில் கருகுவது இளங்கொழுந்து. அதனால் திராட்சையின் மொட்டு, தளிர் என்று எடுத்துக்கொண்டேன். அகராதியிலும் மொட்டு என்றே இருந்தது.

சிக்கல் இனிமேல்தான். ஒரு தோட்டம் பாதி விளைச்சலை 'ஓரே பெர்த்யு' என்று வருகிறது. 'பெர்த்யு' என்றால் இழந்தது, 'ஓரே' அதற்கு முன்னால் நிபந்தனை வடிவில் வரும் துணைவினை. பக்கத்தில் 'செலோன்' இருந்தால் யாரோ சொன்ன, உறுதியாகாத தகவல். 'சி' இருந்தால் நிபந்தனை. இங்கே இரண்டுமே இல்லை. 'இழந்ததாகச் சொல்லப்படுகிறது' என்பதா, 'இழந்திருக்கும்' என்பதா? இந்த மாதிரி இடத்தில் முன்பின் வாக்கியங்களில் எதைப் பார்த்து முடிவு செய்கிறீர்கள்? பிரெஞ்சுச் செய்தி தினமும் படிப்பவர்கள் சொல்லுங்கள்.