14 பேர், 14 விதமான புகைப்படங்கள்: நிறுவனத்தின் குழுப் பக்கத்தை ஒரே பாணியில் வரைந்த அனுபவம்

கோட்டுக்கிறுக்கன், கோவை

பம்புசெட் உதிரிபாகம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் இணையதளத்துக்காக, அங்கே பணிபுரியும் 14 பேரின் முகங்களையும் ஒரே பாணியில் கோட்டோவியமாக வரைந்து தரும் வேலையைச் சென்ற ஆண்டு ஏற்றுக்கொண்டேன். படம் எடுக்கத் தனியாக நாள் ஒதுக்க முடியாது என்றும், ஊழியர்களிடம் இருக்கும் படங்களையே வாங்கித் தருவதாகவும் சொல்லிவிட்டார்கள். வந்து சேர்ந்தவற்றில் மூன்று மட்டுமே ஸ்டுடியோவில் எடுக்கப்பட்ட தெளிவான படங்கள். ஐந்து வாட்ஸ்அப் வழியாக வந்து மங்கியவை, மூன்று கைநீட்டி எடுத்த செல்ஃபிகள். ஒன்று திருமண ஆல்பத்திலிருந்து வெட்டியது, இன்னொன்று கன்னத்தின் மேல் முத்திரை விழுந்த பாஸ்போர்ட் அளவுப் படம். மீதமிருந்த ஒன்று ஆயுதபூஜையன்று எடுத்த குழுப்படத்தின் கடைசி வரிசையில் நின்ற ஸ்டோர் கீப்பருடையது. அதில் அவருடைய முகத்தின் அகலமே 90 பிக்சல்தான்.

நான் செய்த தவறு, மிக நல்ல படத்திலிருந்து வேலையைத் தொடங்கியது. பொது மேலாளரின் படம் அவ்வளவு துல்லியமாக இருந்ததால், இமை மடிப்பு, நெற்றிச் சுருக்கம், காதோர நரைமுடி என்று எல்லாவற்றையும் ஆசையாக வரைந்துவிட்டேன். அதே பாணியில் ஒன்பது பேரை முடித்துவிட்டு ஸ்டோர் கீப்பருக்கு வந்தபோது, அவருடைய படத்தில் கண்கள் இரண்டு கரும்புள்ளிகளாக மட்டுமே தெரிந்தன. இல்லாத இமையை ஊகித்து வரைந்தால் அது வேறு யாரோ ஒருவருடைய கண்ணாகிவிடுகிறது. வரையாமல் விட்டால், மேலாளர் உயிருள்ள மனிதராகவும் இவர் சிறுவர் இதழின் கேலிச்சித்திரமாகவும் தெரிகிறார்கள். பக்கத்தைப் பார்த்த நிறுவனத்தார், சம்பளத்துக்கு ஏற்றபடி முகம் வரைந்தீர்களா என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்பதையும் ஒதுக்கிவிட்டு, ஸ்டோர் கீப்பரின் படத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். அதில் உறுதியாகத் தெரிந்தவை தலைமுடியின் வெளிக்கோடு, புருவத்தின் சாய்வு, மீசை, மூக்கின் ஒரு பக்க நிழல், முகத்தின் வடிவம் ஆகியவை மட்டும். மற்ற 13 பேருக்கும் அவற்றை மட்டுமே வரைவது என்று முடிவு செய்தேன். கண் என்றால் ஒரு வளைகோடும் ஒரு புள்ளியும், மூக்கு என்றால் ஒரே நிழல், பல் வரிசைக்குத் தனிக் கோடு கிடையாது. நல்ல படத்தைப் பார்த்து வரையும்போது கையைக் கட்டிப்போடுவதுதான் இதில் கடினமான பகுதி. இங்கே இத்தகைய வேலை செய்தவர்கள் தங்கள் அனுபவத்தையும் எழுதினால் உதவியாக இருக்கும்.

வலைநெசவன்

இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்துக்கு நான் இங்க்ஸ்கேப்பில், படத்தைத் தானாகக் கோடுகளாக மாற்றும் `Trace Bitmap` கட்டளையை எல்லாப் படங்களுக்கும் ஒரே வெளிச்ச அளவு வைத்து ஓட்டினேன். அளவு ஒன்றாக இருக்கும்போது பாணியும் ஒன்றாகத்தானே இருக்கும்? எட்டுப் பேருக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

மசிக்கூடு

வலைநெசவன் சொல்வது ஒரு சூழ்நிலையில் சரி: எட்டுப் படங்களும் ஒரே அறையில், ஒரே விளக்கில் எடுக்கப்பட்டிருந்தால் அந்த வழியே போதும். அவருடைய படங்கள் அப்படி இருந்திருக்கலாம். நான் இதழ்களுக்கு முகச்சித்திரம் வரைந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. கலவையான படங்களில் அந்த வழி கைவிட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒற்றை நிறத்தில் எடுக்கும்போது அந்தக் கட்டளை, ஒரு குறிப்பிட்ட வெளிச்ச அளவுக்குக் கீழே இருப்பதையெல்லாம் கறுப்பாகவும் மேலே இருப்பதையெல்லாம் வெள்ளையாகவும் பிரிக்கிறது. வெயிலில் நின்றவரின் மூக்கு அதில் கரைந்துபோகும். மங்கலான அறையில் எடுத்த, மாநிறமோ கறுப்போ உள்ளவரின் பாதி முகம் மசி கொட்டியதுபோல் ஆகிவிடும். வேறுபட்ட படங்களுக்கு ஒரே அளவை வைத்தால் வேறுபட்ட ஓவியங்களே கிடைக்கும். நான் முதலில் ஒவ்வொரு படத்தையும் கறுப்பு வெள்ளையாக்கி, பின்னணியைப் பொருட்படுத்தாமல், நெற்றியும் கன்னமும் எல்லாப் படங்களிலும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறத்துக்கு வரும்வரை வெளிச்சத்தைத் திருத்திக்கொள்வேன். அதன் பிறகும் கையால்தான் வரைவேன். திருத்திய படம் வெறும் அடித்தாள்.

கோட்டுக்கிறுக்கன் ஒன்றை எழுதவில்லை. கோடு ஒரே தடிமனாக இருந்தும் பக்கம் ஒழுங்கற்றுத் தெரிவதற்குப் பெரும்பாலும் தலையின் அளவே காரணம். 800 பிக்சல் சதுரத்தில், மேலிருந்து 340ஆம் பிக்சலில் கண்வரிசையையும் 470இல் வாய்க்கோட்டையும் வைத்துவிடுகிறேன். அப்படி வைத்தால் முகவாய் 560ஐ ஒட்டி வந்து நிற்கும், தலைக்கு மேலும் போதிய இடம் இருக்கும். கண்ணிலிருந்து முகவாய் வரை அளப்பவர்களும் உண்டு, ஆனால் தாடி வைத்தவரிடம் முகவாய் எங்கே முடிகிறது என்பதைக் கண்டுபிடிப்பது சிரமம். இரு கண்களுக்கு இடையிலான தூரத்தை நம்பவே கூடாது. முகம் சற்றுத் திரும்பியிருந்தாலே அது சுருங்கிவிடும், அதற்கேற்ப நீங்கள் தலையைப் பெரிதாக்கிவிடுவீர்கள்.

வலைநெசவன்

என் எட்டுப் படங்களும் ஒரே கூட்ட அறையில் எடுக்கப்பட்டவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செல்ஃபிகளில் மூக்கு பெரிதாகத் தெரிவதற்கு என்ன செய்வீர்கள்? ஃபோன் லென்ஸின் குறை அது. நல்ல கேமராவில் எடுக்கச் சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை என்று தோன்றுகிறது.

மசிக்கூடு

அது லென்ஸின் குறையன்று, நிற்கும் தூரத்தின் விளைவு. 40 சென்டிமீட்டரில் வைத்து எடுக்கும்போது மூக்கு நுனி காதைவிட ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது, அதனால் காதோடு ஒப்பிடுகையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பெருத்துத் தெரிகிறது. அதே ஃபோனை இன்னொருவர் ஒன்றரை மீட்டர் தள்ளிப் பிடித்து, சற்றே ஜூம் செய்து எடுத்தால் அந்த வேறுபாடு பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. விலை உயர்ந்த கேமராவை 40 சென்டிமீட்டரில் வைத்தாலும் மூக்கு பெருக்கத்தான் செய்யும். வேறு படம் கிடைக்காதபோது நான் மூக்கைச் சற்றுக் குறுக்கி, காதுகளைச் சிறிது வெளியே கொண்டுவந்து வரைகிறேன். இது கண்மதிப்பில் செய்யும் வேலைதான், தவறுவதும் உண்டு.

பள்ளிப்பணியாளர், ஈரோடு

எங்கள் பள்ளியில் ஆசிரியர்களின் அடையாள அட்டைக்குப் படங்கள் வாங்குகிறோம். எல்லாப் பின்னணியையும் வெள்ளையாக மாற்ற எந்த ஆப் நல்லது என்று யாராவது சொல்ல முடியுமா?

கோட்டுக்கிறுக்கன், கோவை

ஐயா, அடையாள அட்டைக்கு உண்மையான படமே வேண்டும், வரைவது அதற்கு உதவாது. ஆப்பைத் தேடுவதற்கு முன் ஒரு வெள்ளைச் சுவரையும் ஒரு நண்பகலையும் தேடுங்கள் என்பதுதான் என் கருத்து.

மனிதவளம்_மலர்விழி

நான் வரைபவள் இல்லை. வரையக் கொடுத்து வாங்கிய பக்கம் நிற்பவள். எங்கள் நிறுவனத்தில் 22 பேருக்கு இதைச் செய்தோம். ஓவியம் வந்ததும் கணக்குப் பிரிவில் இருக்கும் ஓர் அக்கா, "நான் எப்போது முந்தானையை வலது தோளில் போட்டேன்?" என்று கேட்டார். அவர் கொடுத்தது செல்ஃபி. சில ஃபோன்கள் முன்பக்கக் கேமராவில் எடுத்ததைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பியே சேமிக்கின்றன, சில சேமிப்பதில்லை. ஓவியருக்கு அது தெரிய வழியில்லை. அவருடைய மூக்குத்தியும் வகிடும்கூடப் பக்கம் மாறியிருந்தன. அதற்குப் பிறகு ஒவ்வொரு செல்ஃபியிலும் முந்தானை இடது தோளில் இருக்கிறதா, ஆண்களுக்குச் சட்டைப்பை இடது மார்பில் இருக்கிறதா என்று நானே பார்த்துவிட்டு அனுப்பினேன். சுடிதாரும் டி-சர்ட்டும் அணிந்தவர்களிடம் அந்தத் துப்பும் கிடைக்காது. நேரில் கேட்டுவிட வேண்டும்.

இன்னொன்று, வாட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். எங்களிடம் மங்கலாக வந்த ஆறு படங்களில் நான்கு, அப்படி மறுபடி வாங்கியதும் தெளிவாகிவிட்டன. மற்ற இரண்டும் ஏற்கெனவே யாரோ அனுப்பி இவர்கள் சேமித்து வைத்தவை என்பதால் பயனில்லை.

கோட்டுக்கிறுக்கன், கோவை

முந்தானையை வைத்துக் கண்டுபிடிப்பது எனக்குத் தோன்றவே இல்லை. நான் செல்ஃபியைப் பார்த்து வரைந்த மூவரில் ஒருவருக்குச் சட்டைப்பை வலப்பக்கம் இருக்கிறது. இப்போதுதான் திறந்து பார்த்தேன்.

நிறத்தில் நான் பட்டதையும் சொல்கிறேன். முதலில் ஒவ்வொரு படத்திலும் கன்னத்திலிருந்து நேரடியாக நிறத்தை எடுத்தேன். டியூப்லைட்டின் கீழ் எடுத்தவர் பச்சை கலந்தும், திருமணப் படத்தில் இருந்தவர் ஒப்பனையும் ஃபிளாஷும் சேர்ந்து வெளுத்தும் வந்தார்கள். நேரில் பார்த்தால் இருவரும் ஏறக்குறைய ஒரே நிறம். எனவே ஆறு தோல் நிறங்களை முன்கூட்டியே கலந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல் நிறத்தை மட்டும் சேர்த்து, இந்த ஆறுக்குள்தான் அனைவரும் என்று வைத்துக்கொண்டேன். யாருக்கு எது என்பதற்காக ஒரு நாள் அலுவலகத்துக்கே போய், போர்ட்டிகோ நிழலில் கையில் ஒரு வெள்ளை ஏ4 தாளைப் பிடிக்கச் சொல்லி ஒவ்வொருவரையும் ஃபோனில் எடுத்தேன். தாள் வெள்ளையாகத் தெரியும்வரை படத்தைத் திருத்தினால், முகத்தின் நிறமும் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடுகிறது. அன்றைக்கே ஸ்டோர் கீப்பரையும் அருகிலிருந்து எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அன்று அவர் விடுப்பு. அவருடைய நிறத்தை மட்டும் பக்கத்து மேசைக்காரர்களிடம் கேட்டு முடிவு செய்தேன்.

மசிக்கூடு

ஆறு என்பது போதும் என்றே நினைக்கிறேன். ஆனால் ஒருவர் வந்து, என்னை இரண்டு படி சிவப்பாகப் போடுங்கள் என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? எனக்கு இது மூன்று முறை நேர்ந்திருக்கிறது. நான் மறுத்துவிடுகிறேன், ஒருவருக்கு ஒப்புக்கொண்டால் மறுநாள் வரிசையில் பாதிப் பேர் நிற்பார்கள், ஆறு நிறம் இரண்டாகச் சுருங்கிவிடும்.

மனிதவளம்_மலர்விழி

எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. தன் முகம் பொதுவெளியில் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்ல ஊழியருக்கு உரிமை இருக்கிறது. ஒரு படி வரை நாங்கள் அனுமதித்தோம். இரண்டு பேர் ஓவியமே வேண்டாம் என்றார்கள். அவர்களுக்குப் பெயரின் முதல் எழுத்தை அதே வட்டத்துக்குள் வைத்தோம். பக்கம் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

தறிக்காரர்_மகன்

என் பிரச்சினை சற்று வேறு. எங்கள் நெசவுக் கூடத்தின் பக்கத்தில் தாத்தாவையும் சேர்க்க வேண்டும் என்று அப்பா விரும்பினார். இருந்ததோ ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம்; அதிலும் படக்கடைக்காரர் தூரிகையால் புருவத்தைத் தீட்டியிருந்தார். அப்பாவிடம் கேட்டால் தாத்தா சிவப்பு என்கிறார், அத்தை மாநிறம் என்கிறார். கடைசியில் அவரை மட்டும் சாம்பல் நிறத்திலேயே விட்டு, கோட்டின் தடிமனையும் கண்வரிசையையும் மற்றவர்களுக்கு ஒத்தபடி வைத்தோம். அது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வந்து பார்ப்பவர்கள் முதலில் அவரைத்தான் பார்க்கிறார்கள்.

மசிக்கூடு

அது நன்றாகத்தான் இருக்கும். தீட்டிய புருவத்தை அப்படியே வரைந்தீர்களா என்பது மட்டும்தான் என் கேள்வி.

மனிதவளம்_மலர்விழி

வரையத் தொடங்குமுன் கேட்டுவிட வேண்டிய இன்னொன்று நினைவுக்கு வந்தது. எங்களிடம் கார்த்திகையில் படம் வாங்கினோம். விற்பனைப் பிரிவில் நான்கு பேர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார்கள். நான்கு பேரும் அடர்ந்த தாடியோடு வரையப்பட்டு, தை மாதம் பக்கம் வெளிவந்தபோது மழித்த முகத்தோடு எதிரே நின்றார்கள். தாடியைத் தனி அடுக்கில் வரைந்து வைத்திருந்ததால் ஓவியர் ஒரே மாலையில் நீக்கிக் கொடுத்துவிட்டார். ஆனால் கீழே முகவாய் எப்படி இருக்கும் என்பது அவரிடம் இருந்த படங்களில் இல்லை. அதற்காக நால்வரையும் மறுபடி படம் எடுத்து அனுப்பினோம், இந்த முறை ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்க வைத்து.