வாடிக்கையாளர் முன்னால் "மரைக்கொல்லி" என்று கூப்பிடுகிறார் முதலாளி

ஜெலுத்தோங் தம்பி:
மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை கற்றுக்கொள்கிறேன். போன வாரம் ஒரு ஹோண்டா இ.எக்ஸ்.5-க்கு எண்ணெய் மாற்றிவிட்டு, எண்ணெய் வடிக்கும் அடிப் போல்ட்டை இறுக்கும்போது மரை அறுந்துவிட்டது. அன்றிலிருந்து முதலாளி என்னை "மரைக்கொல்லி" என்றுதான் கூப்பிடுகிறார். "இவன் தொட்டால் வண்டிக்குக் கருமாதிதான்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிக்கிறார். தொழில் வேண்டுமென்றால் இதையெல்லாம் தாங்கத்தான் வேண்டுமா?

செந்தூல் அண்ணன்:
தாங்கத்தான் வேண்டும் தம்பி. நான் கற்றுக்கொண்ட காலத்தில் வார்த்தை மட்டுமா வரும், ஸ்பேனரும் பறந்து வரும். என்னிடம் ஒரு பையன் இருந்தான். முன் சக்கரத்தைக் கழற்றி மாட்டிவிட்டு அச்சு நட்டை இறுக்க மறந்தான். வாடிக்கையாளர் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். நான் போட்ட சத்தம் எதிர்க்கடைவரை கேட்டிருக்கும். இன்று அவன் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான், நட்டைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு வண்டியையும் வெளியே விடமாட்டான். உயிர் சம்பந்தப்பட்ட தொழிலில் கொஞ்சிக் கொஞ்சிச் சொல்லித் தர முடியாது.

பிரை மீனா:
அண்ணே, அந்தச் சத்தம் சரிதான். வண்டி கிளம்புவதற்கு முன் போட்டீர்கள், எந்த நட்டு என்றும் பையனுக்குத் தெரிந்தது. தம்பி கேட்பது வேறு. தம்பி, ஒன்று சொல்லுங்கள்: போல்ட்டை அவ்வளவு அழுத்தி இறுக்க யார் சொன்னார்கள்? எந்த ஸ்பேனரில் இறுக்கினீர்கள்?

ஜெலுத்தோங் தம்பி:
யாரும் சொல்லவில்லை அக்கா. அதற்கு முன்னால் வேறொரு வண்டியில் எண்ணெய் மாற்றினேன். மறுநாள் அடியில் சொட்டுகிறது என்று திரும்பி வந்துவிட்டது. "சோறு தின்கிற கையா இது, இறுக்கத் தெரியாதா" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அதனால் இந்த முறை கார் டயர் கழற்றும் நீளக் கம்பியை மாட்டி இறுக்கினேன்.

பிரை மீனா:
நினைத்தேன். சொட்டிய வண்டியில் பழைய வாஷரையே திரும்பப் போட்டீர்களா?

ஜெலுத்தோங் தம்பி:
ஆமாம். எப்போதும் அதையேதான் போடுகிறோம்.

பிரை மீனா:
சரி, நான் பிரையில் மோட்டார் சைக்கிள் பயிற்சி கொடுக்கிறேன், இதே கதையை அடிக்கடி பார்க்கிறேன். அந்த வாஷர் மென்மையான உலோகம். போல்ட்டை இறுக்கும்போது அது நசுங்கி, இடைவெளியை அடைக்கிறது. ஒருமுறை நசுங்கியது மறுமுறை சரியாக உட்காராது, அதனால்தான் சொட்டியது. நீங்கள் இறுக்கியது போதுமானதாகவே இருந்திருக்கலாம். ஆனால் கிடைத்த திட்டிலிருந்து நீங்கள் படித்துக்கொண்ட பாடம் "இன்னும் இறுக்கு" என்பது. மரை அறுந்தது அந்தப் பாடத்தால்தான்.

கணக்கையும் பாருங்கள். ஹோண்டாவின் சின்ன எஞ்சின்களில் இந்தப் போல்ட்டுக்குச் சொல்லும் அளவு சுமார் 24 நியூட்டன் மீட்டர். 20 செ.மீ. கைப்பிடியின் நுனியில் ஏறக்குறைய 12 கிலோ எடையைத் தொங்கவிட்டால் என்ன இழுப்போ, அவ்வளவுதான். நீங்கள் மாட்டிய கம்பி 40 செ.மீ. இருந்தால் அதே கைவலுவில் இழுப்பு இரண்டு மடங்கு. போல்ட் எஃகு, எஞ்சின் அடிப்பகுதி அலுமினியம். இரண்டும் மல்லுக்கட்டினால் அலுமினிய மரைதான் முதலில் போகும்.

செந்தூல் அண்ணன்:
அம்மா, எந்தப் பட்டறையில் நியூட்டன் மீட்டர் பார்த்து எண்ணெய் மாற்றுகிறார்கள்? கைக்குத் தெரியவேண்டும். எனக்குத் தெரிகிறது.

பிரை மீனா:
உங்கள் கைக்குத் தெரியும் அண்ணே, அதை நான் மறுக்கவில்லை. அந்தக் கை உணர்வு வருவதற்கு முன்னால் பையனுக்கு ஏதாவது ஓர் அளவு வேண்டுமே. நான் செய்வது இது: கழிவில் போன எஞ்சின் அடிப்பெட்டி ஒன்றைக் கொடுத்து, வேண்டுமென்றே மரையை அறுக்கச் சொல்வேன். முதலில் விரலால் நாலைந்து சுற்று திருப்பவேண்டும். அதிலேயே தடுத்தால் மரை கோணலாக ஏறுகிறது, உடனே கழற்றிவிடவேண்டும். பிறகு சின்ன ஸ்பேனர். இறுக்கம் சீராகக் கூடிக்கொண்டே வரும். ஓர் இடத்தில் போல்ட் திரும்பும், ஆனால் இறுக்கம் அதற்குமேல் ஏறாது. மரை இழுபட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கழற்றிப் பார்த்தால் போல்ட்டின் மரையில் வெள்ளை அலுமினியச் சுருள் ஒட்டியிருக்கும். பழைய பெட்டியில் இதை ஒரு தடவை உணர்ந்துவிட்டால் நல்ல வண்டியில் அந்த இடத்துக்குப் போகவேமாட்டார்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் தையல்காரி:
சம்பளத்தில் பிடித்தாரா என்பதுதான் முக்கியம் தம்பி. நான் தையல் கற்ற இடத்தில் ஒரு ரவிக்கைத் துணியைக் குறுக்கே வெட்டிவிட்டேன் என்று துணியின் முழு விலையையும் பிடித்துக்கொண்டார்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவில், என்னென்ன பிடிக்கலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. கைதவறி உடைத்ததற்கு முதலாளி இஷ்டத்துக்குப் பிடிப்பது அதில் இல்லை. தொழிலாளர் இலாகாவில் போய்க் கேளுங்கள்.

ஜெலுத்தோங் தம்பி:
காசு பிடிக்கவில்லை அக்கா. பேர்தான் வைத்தார்.

செந்தூல் அண்ணன்:
பார்த்தீர்களா, காசு பிடிக்கவில்லை. மரையைத் திரும்பப் போட யார் செலவு? அவர்தானே. வாய்தான் கெட்டது, ஆள் நல்லவர். பேர் வைத்ததால் யாருக்கு என்ன நஷ்டம்?

பிரை மீனா:
சொல்கிறேன். இதே மாதிரி பேர் வாங்கிய ஒரு பையன் வேறோர் இடத்தில் வேலை செய்தான். இரண்டாவது முறை மரை இழுபட்டபோது வாயைத் திறக்கவில்லை. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பைப் போல்ட்டில் சுற்றித் திருகிவிட்டான். சொட்டவில்லை, முதலாளியும் பார்த்துவிட்டுச் சரி என்றார். வண்டிக்காரர் தினமும் பினாங்கு பாலத்தில் வேலைக்குப் போய் வருகிறவர். எஞ்சின் சூட்டிலும் அதிர்விலும் போல்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று ஒருநாள் பாலத்தில் விழுந்துவிட்டது. அந்த எஞ்சினில் இருப்பதே ஒரு லிட்டருக்கும் குறைவான எண்ணெய். முதலில் மேலே கேம் பகுதி காய்ந்தது, அப்புறம் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. போல்ட்டுக்குப் பின்னால் நேராக இருப்பது பின் டயர் அண்ணே. கொட்டிய எண்ணெய் அதில் பட்டு அவர் சறுக்கி விழாதது அதிர்ஷ்டம்.

மரை போனவுடனேயே சொல்லியிருந்தால் ஒரு மதிய வேலை. ஓட்டையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, கம்பிச்சுருள் மரையை உள்ளே ஏற்றிவிடலாம். துளையிடும் அலகில் கிரீஸ் பூசினால் தூள் பெரும்பாலும் அதில் ஒட்டிக்கொள்ளும், மிச்சத்தைக் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக் கழுவிவிடலாம்.

செந்தூல் அண்ணன்:
டேப் சுற்றியது அந்தப் பையனின் திருட்டுத்தனம். அதற்கு முதலாளி வாயைக் குறை சொல்வீர்களா? என் பையன்களையும்தான் திட்டினேன். ஒருவனும் ஒளித்ததில்லை.

பிரை மீனா:
ஒளித்தது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அது ஒளித்ததே இல்லையே அண்ணே.

செந்தூல் அண்ணன்:
வாத்தியார் பேச்சு. உங்கள் பயிற்சிக்கூடத்தில் வாடிக்கையாளர் வாசலில் நிற்பதில்லை, வாடகையும் நீங்கள் கட்டுவதில்லை. ஆனால் கழிவுப் பெட்டி யோசனை நல்ல யோசனைதான். என் கடைப் பின்னால் இரண்டு கிடக்கிறது.

பிரிக்ஃபீல்ட்ஸ் தையல்காரி:
தம்பி, வேறு பட்டறை பார்ப்பதாக இருந்தால் எஸ்.எல்.டி.என். என்ற அரசாங்கத் தொழிற்பயிற்சித் திட்டத்தில் இருக்கிறார்களா என்று கேளுங்கள். பெரும்பகுதி வேலையிடத்திலேயே கற்றுக்கொண்டு எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ் வாங்கலாம். என் அக்கா மகன் அப்படித்தான் வாங்கினான்.

ஜெலுத்தோங் தம்பி:
இப்போதைக்கு மாறவில்லை அக்கா. கார்புரேட்டர் வேலையில் இந்த வட்டாரத்தில் இவரை அடிக்க ஆளில்லை, அதைக் கற்றுக்கொண்டுதான் கிளம்புவேன். இன்று புது வாஷர் ஒரு பாக்கெட் வாங்கச் சொன்னேன். "மரைக்கொல்லிக்கு வாஷர் வேறயா" என்றார். அப்புறம் கடைப்பையனை அனுப்பி வாங்கினார். பேரை மட்டும் விடவில்லை.

செந்தூல் அண்ணன்:
விடமாட்டார். அந்த நீளக் கம்பியை முதலில் எங்கேயாவது தள்ளி வை.