மழைக்குப் பிறகு 171: இலக்கு மாறிய ஆட்டங்களில் நாங்கள் பட்ட பாடு

ஸ்கோர்புக்

2023 ஐ.பி.எல். இறுதிப் போட்டி. அகமதாபாத்தில் மழை நின்று ஆட்டம் மறுபடி தொடங்கும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. குஜராத் 20 ஓவரில் 214. சென்னை மூன்று பந்தில் 4 ரன் எடுத்திருந்தபோது கொட்டிய மழை அது. இனி மொத்தம் 15 ஓவர்தான், இலக்கு 171 என்று திரையில் போட்டார்கள்.

என் மாமனார் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், கணக்கில் புலி. உடனே கேட்டார்: "214-இல் முக்கால் பங்கு 160 சொச்சம். 161 எடுத்தால் போதுமே, பத்து ரன் எங்கிருந்து வந்தது?"

இருபது வருடமாக லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுகிறேன். ஆனாலும் அந்த நேரத்தில் அவருக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. விளம்பர இடைவேளையில்தான் இப்படிச் சொன்னேன்: "மாமா, அவர்களிடம் 20 ஓவரும் பத்து விக்கெட்டும் இருந்தன. இப்போது ஓவர் 15 ஆகிவிட்டது, ஆனால் விக்கெட் பத்தும் அப்படியே இருக்கிறது. பத்து விக்கெட்டை 20 ஓவருக்குப் பதில் 15 ஓவரில் செலவழிக்கலாம் என்றால் கொஞ்சம் துணிந்து அடிக்கலாம் இல்லையா? அந்தத் துணிச்சலுக்குத்தான் பத்து ரன்."

170-ஐ 214-ஆல் வகுத்தால் நூற்றுக்கு 79 சொச்சம் வரும். போனது கால் பங்கு ஓவர், ஆனால் ரன் அடிக்கும் சக்தியில் போனது ஐந்தில் ஒரு பங்குதான் என்று டக்வொர்த் லூயிஸ் ஸ்டெர்ன் கணக்கு சொல்கிறது. ரன் ரேட்டுக்கு ஓவர் மட்டும்தான் தெரியும். டி.எல்.எஸ்.ஸுக்கு ஓவரும் தெரியும், கையில் இருக்கும் விக்கெட்டும் தெரியும்.

மழையால் இலக்கு மாறி நீங்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்ட ஆட்டம் இருந்தால் எழுதுங்கள். டி.வி.யில் பார்த்ததும் சரி, ஆடியதும் சரி.

மஞ்சள் சட்டை

அந்த ராத்திரி நான் தூங்கவே இல்லை அண்ணா. கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும், ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். இன்னும் கை நடுங்குகிறது.

ஆனால் ஒன்று. டி.எல்.எஸ். என்றாலே சேஸ் பண்ணுகிறவர்களுக்குச் சாதகம்தான். விக்கெட் விடாமல் இருந்தால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். மழை வரும் என்று தெரிந்தால் கேப்டன்கள் டாஸ் ஜெயித்து ஃபீல்டிங் எடுப்பது அதனால்தானே?

ஸ்கோர்புக்

தம்பி, பாதி சரி. எத்தனை ஓவர், எவ்வளவு இலக்கு என்று முழுதாகத் தெரிந்துகொண்டு ஆடுவது இரண்டாவதாக ஆடுகிற அணிக்கு நல்லதுதான். ஆனால் அன்றைக்கு சென்னைக்கு நடந்ததைப் பாருங்கள். மழைக்கு முன்னால் ஓவருக்கு 10.75 தேவைப்பட்டது, மழைக்குப் பின்னால் 11.4. மூன்று பந்து ஏற்கெனவே போய்விட்டதால் மீதி 87 பந்தில் 167 எடுக்க வேண்டும். இதில் சலுகை எங்கே இருக்கிறது?

விக்கெட் விடாமல் இருந்தால் போதும் என்பதும் அப்படித்தான். ஆட்டம் பாதியில் நின்று, திரும்பத் தொடங்காமலே முடிந்தால்தான் அது பெரிதாக உதவும். ஓவர் குறைந்து ஆட்டம் தொடர்ந்தால் அந்த விக்கெட்டுகளை வைத்து அடித்தாக வேண்டும்.

லெக் பை

என் கதையைக் கேளுங்கள். பொங்கல் சமயத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் நடந்த 20 ஓவர் டோர்னமென்ட். நாங்கள் 148. எதிர் அணி பத்து ஓவரில் 78 ரன்னுக்கு 7 விக்கெட். ஆட்டம் எங்கள் கையில். அப்போது பார்த்து மழை. அரை மணி நேரம் கழித்து, இனி மொத்தம் 15 ஓவர் என்று கமிட்டி சொன்னது. ஒருவர் போனில் கால்குலேட்டரைத் தட்டி, "ஓவருக்கு 7.4, பதினைந்துக்கு 111, ஆக 112 எடுத்தால் ஜெயம்" என்று அறிவித்துவிட்டார். ஐந்து ஓவரில் 34 ரன். அடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஏழு விக்கெட் எடுத்ததற்கு என்ன மரியாதை என்று நான் கத்தினேன். "ரூல் ரூல்தான்" என்றார்கள். டி.எல்.எஸ். போட்டிருந்தால் எவ்வளவு வந்திருக்கும்?

கணக்கு டீச்சர்

எனக்கும் ஒரு சந்தேகம். ஏழு விக்கெட் போன அணி ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருக்கிறது. ஓவரும் குறைந்துவிட்டது. பாவம், அவர்களுக்கு இலக்கு இன்னும் குறையத்தானே வேண்டும்? விக்கெட் போனவர்களுக்கு இலக்கு கூடும் என்பது தலைகீழாக இருக்கிறதே.

ஸ்கோர்புக்

டீச்சர், மழை எதைப் பறித்தது என்று பாருங்கள், சரியாகிவிடும். கையில் மூன்றே விக்கெட் இருக்கிற அணிக்கு மீதிப் பத்து ஓவரையும் கொடுத்தாலும் பெரும்பாலும் பாதியில் ஆல் அவுட். அவர்கள் ஆடியே இருக்க மாட்டார்கள் என்ற ஓவர்களைத்தான் மழை எடுத்துக்கொண்டது. நஷ்டம் குறைவு, அதனால் இலக்கைக் குறைப்பதும் குறைவு. எட்டு விக்கெட் கையில் வைத்திருந்த அணியிடம் அதே ஐந்து ஓவரைப் பறித்தால் நஷ்டம் பெரிது.

லெக் பை, உங்கள் ஆட்டத்தைப் பழைய அச்சு அட்டவணையை வைத்துப் போட்டுப் பார்த்தேன். 50 ஓவர், பத்து விக்கெட் என்றால் நூறு என்று வைத்துக்கொண்டு போட்ட அட்டவணை அது. 20 ஓவரும் பத்து விக்கெட்டும் இருந்தால் அதில் 56.6. இரண்டு அணியும் தொடங்கிய இடம் இதுதான்.

மழை வந்தபோது எதிர் அணிக்குப் பத்து ஓவர் மீதி, ஏழு விக்கெட் போயிருந்தது. அட்டவணையில் 17.9. திரும்ப வந்தபோது ஐந்து ஓவர் மீதி, அதே ஏழு விக்கெட். 12.5. இரண்டுக்கும் நடுவில் உள்ள 5.4-தான் மழை பறித்தது. 56.6-இல் அதைக் கழித்தால் 51.2.

```
148 × 51.2 ÷ 56.6 = 133.88
```

பின்னத்தை விட்டுவிட்டு ஒன்று கூட்டினால் 134. ஐந்து ஓவரில் 56 ரன், மூன்று விக்கெட்டோடு.

எனக்கே ஆச்சரியமான விஷயம் இனிமேல்தான். அதே இடத்தில் அவர்கள் இரண்டு விக்கெட் மட்டும் இழந்திருந்தால் அந்த இரண்டு எண்களும் 30.8, 16.8. மழை பறித்தது 14. கணக்குப் போட்டால் இலக்கு சரியாக 112! உங்கள் கமிட்டி சொன்ன அதே எண். ஏழு விக்கெட் போன அணிக்கு, இரண்டு விக்கெட் போன அணியின் இலக்கைக் கொடுத்திருக்கிறார்கள்.

இது கையால் போடுகிற பழைய முறை. சர்வதேச ஆட்டங்களில் இப்போது கணினியில்தான் போடுகிறார்கள். முதல் அணி மிகப் பெரிய ஸ்கோர் அடித்திருந்தால் அதில் விடை கொஞ்சம் மாறும். 148-க்குப் பெரிய வித்தியாசம் வராது.

லெக் பை

56-ஆ! இதை இப்போது ஏன் சொன்னீர்கள். இன்றைக்குத் தூக்கம் போச்சு.

தெகிவளை

எங்கட பக்கத்துக் கதை ஒன்று. 2003 உலகக் கிண்ணம், டர்பன், இலங்கையும் தென்னாப்பிரிக்காவும். நான் அப்போது ஓ.எல். படித்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா வீட்டில் இருபது பேர் ஒரு டி.வி.யைச் சுற்றி இருந்தோம்.

நாங்கள் 268. மாவன் அத்தபத்து சதம். அவர்கள் துரத்தும்போது தூறல் தொடங்கிவிட்டது. 45-ஆவது ஓவர் முரளி. அந்த ஓவரில் மார்க் பவுச்சர் ஒரு சிக்ஸ் அடித்தார், ஸ்கோர் 229-க்கு 6. ஒரு பந்து மிச்சம். அதை மெதுவாகத் தட்டி விட்டுவிட்டு ஓடாமல் நின்றார். வென்றுவிட்டோம் என்ற நினைப்பு. அதோடு மழை பெருத்து ஆட்டம் நின்றது. திரும்பத் தொடங்கவே இல்லை.

அவர்களுக்கு உள்ளிருந்து வந்த செய்தியில் 229 என்று இருந்தது. ஆனால் அது பார் ஸ்கோர். சமமாக நிற்கிற எண். வெல்ல 230 வேண்டும். ஆட்டம் டை. போட்டியை நடத்திய நாடே முதல் சுற்றோடு வெளியேறியது. சித்தப்பா அரை மணி நேரம் எழும்பவே இல்லை, டி.வி.யில் பிழையாகப் போடுகிறார்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஸ்கோர்புக்

இதை எங்கள் லீக் ஸ்கோரர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். மழை மேகம் வந்தால் ஒவ்வொரு ஓவர் முடிவுக்கும், எத்தனை விக்கெட் போயிருந்தால் எத்தனை ரன் என்று ஒரு தாள் எடுத்துத் தருவார்கள். அதில் இருப்பது இலக்கு அல்ல, பார். அதைத் தாண்டினால்தான் ஜெயம். இன்னொன்று, ஒரு விக்கெட் விழுந்தால் பக்கத்துக் கட்டத்துக்குப் போக வேண்டும், பார் சட்டென்று மேலே ஏறும். அந்தக் கடைசிப் பந்தில் பவுச்சர் அவுட் ஆகியிருந்தால் 229 போதாமல் தோற்றே போயிருப்பார்கள். தடுத்து ஆடியதில் அப்படி ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் அவர் அதை நினைத்துத் தடுக்கவில்லை.

கணக்கு டீச்சர்

புரிந்தது. அப்போது புள்ளிப் பட்டியலில் மைனஸ் 0.3, பிளஸ் 0.5 என்று போடுகிறார்களே, அதுவும் இந்த அட்டவணையில் இருந்துதான் வருகிறதா?

ஸ்கோர்புக்

இல்லை டீச்சர், அது நெட் ரன் ரேட். அதற்கு விக்கெட்டைப் பற்றிக் கவலையில்லை, ஆல் அவுட் ஆனால் மட்டும் முழு ஓவரும் ஆடியதாக எடுத்துக்கொள்ளும். மழை ஆட்டம் என்றால், முதலில் ஆடிய அணி உண்மையில் அடித்ததை விட்டுவிட்டு, மாறிய இலக்குக்கு ஒன்று குறைவான ரன்னை அந்தக் குறைந்த ஓவரில் அடித்ததாக எழுதுவார்கள். லீக் கட்டத்தில் அப்படி ஓர் ஆட்டம் வந்திருந்தால் 214-ஐ 15 ஓவரில் 170 என்று எடுத்துக்கொள்வார்கள்.

மஞ்சள் சட்டை

எனக்கு இன்னொன்று இடிக்கிறது. அந்த சீசனில்தான் இம்பாக்ட் பிளேயர் வந்தது. பத்து விக்கெட் என்று கணக்குப் போடுகிறோம், ஆனால் ஒரு பவுலரை எடுத்துவிட்டு ஒரு பேட்ஸ்மேனை இறக்கலாம். அப்போது எட்டாவது ஆளும் சிக்ஸ் அடிப்பவன்தான். எட்டாவது விக்கெட்டின் மதிப்பு பழையபடியே இருக்குமா?

ஸ்கோர்புக்

நியாயமான கேள்வி. அட்டவணைக்கு யார் ஆடுகிறார் என்பது தெரியாது, எத்தனை பேர் மிச்சம் என்பது மட்டும்தான் தெரியும். தோனி நிற்பதும் பதினோராவது ஆள் நிற்பதும் அதற்கு ஒன்றுதான். ஆட்டங்கள் சேரச் சேர எண்களைத் திருத்துகிறார்கள், ஆனால் இந்த ஒன்றை அது எவ்வளவு பிடிக்கும் என்பதில் எனக்கும் ஒரு நண்பருக்கும் இன்னும் சண்டை. அவர் வி.ஜே.டி. ஆள். கேரளத்தின் திருச்சூர்க்காரரான ஜெயதேவன் என்ற பொறியாளர் உருவாக்கிய முறை அது, நம் டி.என்.பி.எல்.-இல் மழை வந்தால் அதுதான். அதிலும் ஆள் யார் என்பது தெரியாதே என்று நான் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்.

லெக் பை

எனக்கு அதெல்லாம் வேண்டாம். அந்த அட்டவணையை போட்டோ எடுத்து அனுப்புங்கள். அடுத்த பொங்கலுக்கு டாஸ் போடுவதற்கு முன்பே கமிட்டி மேசையில் ஒட்டிவிடுகிறேன். அந்த 34-ஐ அடிக்கவே அவர்கள் கடைசி ஓவர் வரை வந்தார்கள், அதற்குள் இன்னும் இரண்டு விக்கெட் போயிருந்தது. 56 என்றால் கிடா எங்கள் வீட்டில் கட்டியிருக்கும்.