குழந்தைக்கு இன்று எத்தனையாவது நாள்? உங்கள் வார்டில் எப்படி எழுதுகிறீர்கள்?

வணக்கம். தண்டையார்பேட்டை பக்கம் பச்சிளங்குழந்தை வார்டில் நர்ஸாக இருக்கிறேன். திங்கள் இரவு 11.40க்குப் பிறந்த குழந்தை, வேறு மருத்துவமனையிலிருந்து புதன் காலை 8 மணிக்கு எங்களிடம் வந்தது. அவர்கள் பிறந்த நாளையே 1 என்று எண்ணுவதால் சீட்டில் 'நாள் 3', எங்களுக்குப் பிறந்த நாள் 0, அதனால் 'நாள் 2'. உண்மையில் வயது 32 மணி நேரம்தான்.

மஞ்சள் காமாலைக்குப் பார்த்த பிலிருபின் 12. நாள் 3 என்றதும் இரண்டு நாள் முடிந்த குழந்தை என்று நினைத்து யாராவது சாதாரணமாக விட்டால்? 32 மணி நேரத்தில் 12 என்பது உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டிய அளவு, அதனால் மணிக்கணக்கையும் எழுதிவிட்டேன்.

உங்கள் வார்டில் 0 முதலா, 1 முதலா? அனுப்பும் சீட்டில் பிறந்த நேரமும் போடுகிறீர்களா? சொல்லுங்கள், ப்ளீஸ்.