எட்டாம் வகுப்பு பி பிரிவின் கணிதச் சராசரி 50.9 அல்ல: மறைத்து வைத்த மூன்று வரிசைகளும் என் சந்தேகமும்

கணித ஆசிரியை, எட்டாம் வகுப்பு (டெல்லி)

உடன் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வில் பி பிரிவின் கணிதச் சராசரி 80-க்கு 50.9 என்று சென்ற வாரம் அனுப்பியிருந்தேன். ஏ பிரிவின் சராசரி 53.4 என்பதால், பி பிரிவு பின்தங்கியிருக்கிறது என்று கருதி அதற்குச் சனிக்கிழமைகளில் கூடுதல் வகுப்பும் முடிவாகிவிட்டது. அந்த எண் தவறானது. தவறு என்னுடையது. அது எப்படி நேர்ந்தது என்பதை இங்கே விளக்கிவிட்டு, இன்னும் எனக்குப் புரியாத ஒன்றையும் கேட்கிறேன்.

ஏப்ரலில் பி பிரிவுப் பட்டியலில் 33 பேர் இருந்தார்கள். பெற்றோருக்குச் சென்னைக்கும் திருச்சிக்கும் பணிமாற்றம் வந்ததால் ஜூலைக்குள் மூன்று பிள்ளைகள் டி.சி. வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களுடைய வரிசைகளை நீக்கினால் மற்றவர்களின் வரிசை எண்கள் மாறி வருகைப் பதிவேட்டோடு பொருந்தாமல் போகும் என்று எண்ணி, 12, 23, 31 ஆகிய மூன்று வரிசைகளையும் எக்செலில் மறைத்து மட்டும் வைத்தேன். கண்ணுக்குத் தெரியாதது கணக்கிலும் வராது என்று நினைத்துவிட்டேன். ஆனால் கீழே இருந்த சூத்திரம் இதுதான்:

```
=AVERAGE(E5:E37)
```

இது மறைந்த வரிசைகளையும் சேர்த்தே எடுக்கிறது. முப்பது பேரின் மொத்தம் 1,680. அதை 30-ஆல் வகுத்தால் 56 வரவேண்டும். மறைந்திருந்த மூன்று சுழியங்களையும் சேர்த்து 33-ஆல் வகுத்ததால் 50.9 வந்தது.

வேறொரு வேலையாக E5 முதல் E37 வரையுள்ள மதிப்பெண் கட்டங்களைத் தேர்ந்தெடுத்தபோது, திரையின் அடியில் `Average: 56` என்று தெரிந்தது. அதற்குச் சற்று மேலே என் கட்டத்தில் 50.9 நின்றது. அடியில் காட்டும் சராசரி கண்ணுக்குத் தெரியும் கட்டங்களை மட்டுமே கணக்கிடுகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. இடது ஓரத்தைப் பார்த்தேன்: 11-க்கு அடுத்து 13, 22-க்கு அடுத்து 24.

என் சந்தேகம் இது. AVERAGE-க்குப் பதிலாக `=SUBTOTAL(1,E5:E37)` என்று போட்டால் மறைந்தவை விடுபடும் என்று படித்துப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் 50.9-தான் வருகிறது. எங்கே பிழை?

அறிவியல் ஆசிரியர்

மேடம், அடைப்புக்குறிக்குள் இருக்கும் 1-ஐ 101 என்று மாற்றுங்கள், சரியாகிவிடும். நான் இரண்டு ஆண்டுகளாக அப்படித்தான் வைத்திருக்கிறேன். இதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை.

தமிழ் ஆசிரியை

எனக்கும் இதே சிக்கல்தான். ஒவ்வொரு மாணவருக்கும் மூன்று சிறுதேர்வுகளின் சராசரி வேண்டும். முதல் சிறுதேர்வைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்றார்கள். அந்த நெடுவரிசையை மறைத்துவிட்டு 101 போட்டேன். எந்த மாற்றமும் இல்லை. அப்படியானால் 101 வேலை செய்யவில்லை என்றுதானே பொருள்?

கணினி ஆசிரியர்

இரண்டும் வேறு வேறு சிக்கல்கள். தமிழ் டீச்சர், SUBTOTAL மறைந்த வரிசைகளை மட்டுமே விலக்கும். நெடுவரிசையை மறைத்தால் அது கண்டுகொள்ளாது. வேண்டிய இரண்டு கட்டங்களை மட்டும் `=AVERAGE(F5,G5)` என்று பெயர் சொல்லிக் கொடுப்பதே உங்களுக்கு நல்லது.

கணித மேடம், வடிகட்டி மறைப்பதையும் கையால் மறைப்பதையும் எக்செல் தனித்தனியாகப் பார்க்கிறது. 1 என்று கொடுத்தால் வடிகட்டியில் விடுபட்ட வரிசைகள் மட்டும் விலகும், கையால் மறைத்தவை கணக்கில் இருக்கும். 101 என்றால் இரண்டுமே விலகும். எனவே அறிவியல் சார் சொன்னது உங்கள் கேள்விக்குச் சரியான விடைதான். ஆனால் அதை நிலையான ஏற்பாடாக வைத்துக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். பெற்றோர் கூட்டத்துக்கு அச்செடுக்க யாராவது இன்னும் ஐந்து வரிசைகளை மறைத்தால், சராசரி சத்தமில்லாமல் மாறிவிடும். ஒரு மாணவர் வகுப்பில் இருக்கிறாரா என்பதை வரிசை தெரிகிறதா என்பதைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது. C நெடுவரிசையில் படிப்பவருக்கு R, போனவருக்கு TC என்று எழுதிவிட்டு இப்படிக் கணக்கிடுங்கள்:

```
=AVERAGEIFS(E5:E37,C5:C37,"R")
```

இனி யார் எதை மறைத்தாலும் 56 மாறாது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. தேர்வே எழுதாத பிள்ளைகளுக்குச் சுழியம் எங்கிருந்து வந்தது? கட்டம் வெறுமையாக இருந்திருந்தால் AVERAGE அதைத் தானாகவே விட்டிருக்கும். மதிப்பெண்களைத் தட்டச்சு செய்தீர்களா, வேறு தாளிலிருந்து வரவழைத்தீர்களா?

கணித ஆசிரியை

VLOOKUP மூலம் மதிப்பெண் பதிவுத் தாளிலிருந்து எடுத்தேன். அந்தத் தாளில் மூன்று பேரின் பெயரும் இருக்கிறது, மதிப்பெண் கட்டம் வெறுமையாக இருக்கிறது.

கணினி ஆசிரியர்

அதுதான் மூலகாரணம். VLOOKUP வெற்றுக் கட்டத்தைக் கண்டால் 0 என்று திருப்பித் தரும். வெறுமையை வெறுமையாகவே விடும்படி மாற்றிப் பாருங்கள்:

```
=IF(VLOOKUP(A5,Marks!A:D,4,FALSE)="","",VLOOKUP(A5,Marks!A:D,4,FALSE))
```

தேர்ச்சிக் கணக்கையும் ஒருமுறை பாருங்கள். COUNTIF-க்கு மறைந்த வரிசையை விலக்கும் வழியே கிடையாது.

கணித ஆசிரியை

இரண்டையும் தனித்தனியாகச் செய்து பார்த்தேன். AVERAGEIFS மட்டும் போட்டபோது 56 வந்தது. VLOOKUP-ஐத் திருத்திய பிறகு 57.9 ஆகிவிட்டது! அரை மணி நேரம் தேடியபின் காரணம் கிடைத்தது. வகுப்பில் இருக்கும் முப்பது பேரில் ஒரு மாணவிக்குத் தேர்வன்று டெங்கு காய்ச்சல். பதிவுத் தாளில் அவளுடைய கட்டமும் வெறுமை. என் தாளில் அவள் இதுவரை சுழியம் எடுத்தவளாக நின்றிருக்கிறாள். இப்போது 1,680-ஐ 29-ஆல் வகுக்கிறது.

தேர்ச்சிக் கணக்கும் அதே கதைதான். 27-க்குக் கீழே ஐந்து பேர் என்று எழுதியிருந்தேன். அவர்களில் மூவர் பள்ளியை விட்டுப் போனவர்கள், ஒருத்தி தேர்வு எழுதாதவள். உண்மையில் தேர்ச்சி பெறாதவர் ஒருவர் மட்டுமே.

அறிவியல் ஆசிரியர்

நானும் VLOOKUP-தான் வைத்திருக்கிறேன். 101 போட்டிருந்தும், வராதவர்களின் சுழியங்கள் என் சராசரியில் சேர்ந்திருக்க வேண்டும். இன்றிரவு பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

தேர்வுப் பொறுப்பாசிரியை

திருத்திய தாளை எனக்கு அனுப்புங்கள். சனிக்கிழமை வகுப்பு பற்றி முதல்வரிடம் இன்றே பேசுகிறேன். 56 ஆனாலும் 57.9 ஆனாலும் அந்த வகுப்புக்கு இனிக் காரணம் இல்லை. ஆனால் உடல்நிலை காரணமாக வராதவரைச் சராசரியில் சேர்ப்பதா விடுவதா என்பதில் ஆறாம் வகுப்பில் ஒரு வழக்கமும் ஒன்பதாம் வகுப்பில் வேறு வழக்கமும் இருப்பதை இப்போதுதான் கவனித்தேன். அது தீரும்வரை இரண்டு எண்களையும், எத்தனை பேரால் வகுத்தது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.