நண்பனின் எண்ணை ‘தையல் அக்கா’ என்று பதிந்து வைத்திருந்தாள்

திண்டுக்கல்காரன்: கல்யாணமாகி ஆறு வருடம். என் மனைவி கல்லூரி நண்பன் ஒருவனின் எண்ணை ‘தையல் அக்கா’ என்ற பெயரில் வைத்திருந்ததைப் போன மாதம் பார்த்தேன். பேச்சில் தப்பாக ஒன்றும் இல்லை. போன் பூட்டின் எண்ணைக் கொடுத்துவிட்டாள், தினமும் இரவு எடுத்துப் பார்க்கிறேன். ஆனாலும் மனசு அடங்கவில்லை. என்ன செய்வது?

செல்வன்_மேட்டுப்பாளையம்: தப்பு இல்லையென்றால் பெயரை ஏன் மாற்ற வேண்டும்? யாராவது இதற்குப் பதில் சொல்லுங்கள். நட்பு என்றால் சொந்தப் பெயரிலேயே இருக்கும்.

வசந்தா_ஆலோசகர்: பதினைந்து வருடமாகத் தம்பதிகளோடு உட்கார்ந்து பேசுகிறேன். தம்பி, தினமும் பார்ப்பதை முதலில் குறையுங்கள். பார்த்ததும் ஒரு மணி நேரம் நிம்மதி வரும். அப்புறம் ‘அழித்திருப்பாளோ’ என்று தோன்றும், மறுபடி எடுப்பீர்கள். முன்பு இரவில் மட்டும் பார்த்தவர் இப்போது மதியமும் தேடுகிறீர்களா? அப்படியென்றால் பார்ப்பதே சந்தேகத்துக்குத் தீனி போடுகிறது.

செல்வன்_மேட்டுப்பாளையம்: நான் கேட்டது பெயரைப் பற்றி. அதை மட்டும் தாண்டிப் போகிறீர்கள்.

வழக்காடி: பார்ப்பதே சட்டப்படி தப்பு. மனைவியின் அழைப்புப் பட்டியலைக் கணவர் ரகசியமாக எடுத்ததைச் சாட்சியாக ஏற்க முடியாது என்று 2024-ல் மதுரைக் கிளை தீர்ப்பு சொன்னது. அந்தரங்கம் அடிப்படை உரிமை.

மணிமாறன்: பாதிதான் சொல்கிறீர்கள். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், துணைக்குத் தெரியாமல் பதிவு செய்த பேச்சை விவாகரத்து வழக்கில் சாட்சியாக எடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. அதோடு, இங்கே அந்தப் பெண்ணே பூட்டைத் திறந்து கொடுத்திருக்கிறார்.

வழக்காடி: அது பேச்சைப் பதிவு செய்த வழக்கு. நான் சொன்னது அழைப்புப் பட்டியல். போன வாரமும் இதே மாதிரிதான் என்னை மடக்கப் பார்த்தீர்கள்.

அம்பத்தூர்_அம்மா: என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் வாட்ஸாப்பை அவர் தன் லேப்டாப்பில் இணைத்து வைத்திருந்தார். ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியில் பார்த்தபோதுதான் தெரிந்தது. என் தங்கை தன் கர்ப்பம் கலைந்ததை எனக்கு எழுதியிருந்தாள். அதையும் படித்திருக்கிறார். அன்றிலிருந்து அம்மாவுக்கு அனுப்புவதைக்கூட அழித்தேன். ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற வரியைக் காட்டி அதற்கும் சண்டை.

செல்வன்_மேட்டுப்பாளையம்: அம்மா, உங்கள் கதை வேறு. நீங்கள் யார் பெயரையும் மாற்றவில்லை.

வசந்தா_ஆலோசகர்: சரி, பெயருக்கே வருகிறேன். தம்பி, அந்த நண்பர் பெயர் வந்தபோது முன்பு வீட்டில் என்ன நடந்தது?

திண்டுக்கல்காரன்: 2022-ல் அவன் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினான். நாலு நாள் அவளோடு பேசவில்லை. அடுத்த மாதம்தான் பெயரை மாற்றியதாகச் சொல்கிறாள்.

வசந்தா_ஆலோசகர்: அவர் பொய் சொன்னது தப்புதான். ஆனால் உண்மைக்கு நாலு நாள் மௌனம் என்ற விலையை நீங்கள் வைத்திருந்தீர்கள். இப்படி ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். அந்தப் பெண் எண்ணைச் சொந்தப் பெயரில் பதிந்தார். இனிமேல் தன் செய்திகளைக் கணவரும் பார்க்கலாம் என்று நண்பரிடமே சொன்னார். அழைப்பு வந்தால் கணவர் கேட்குமுன் அன்றே இவர் சொல்ல வேண்டும். கேட்ட பிறகு கணவர் முகத்தைத் தூக்கக் கூடாது, இதுதான் அவருடைய பங்கு. தினமும் பார்த்தது ஞாயிறு மாலை இருவரும் சேர்ந்து பார்ப்பதாகக் குறைந்தது, அதுவும் அந்த ஒரு உரையாடல் மட்டும். தங்கை, தோழி எழுதியது அவர்களுடைய ரகசியம், அதைத் தொடவில்லை. மூன்றாம் மாதம் கணவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மறந்துவிட்டார். எல்லாருக்கும் இது பலிக்காது. சான்றே இல்லாமல் ‘நிச்சயம் துரோகம்தான்’ என்று அடித்துச் சொல்பவரை, அதிலும் குடிப்பழக்கம் இருந்தால், மனநல மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன்.

செல்வன்_மேட்டுப்பாளையம்: நாலு நாள் பேசாத கணவன் குற்றவாளி, மூன்று வருடம் பொய்ப்பெயரில் வைத்திருந்தவர் அப்பாவியா? என் அண்ணன் குடும்பமும் ஒரு எண்ணில்தான் உடைந்தது. மன்னிக்கச் சொல்வது உங்களுக்குச் சுலபம்.

அம்பத்தூர்_அம்மா: உங்கள் அண்ணன் வலியை இந்தப் பெண் தலையில் கட்டாதீர்கள்.

வழக்காடி: மணிமாறன், தீர்ப்பை முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள்.

திண்டுக்கல்காரன்: நேற்று இரவு போனை எடுக்கவில்லை. அவளே மேஜையில் வைத்துவிட்டு, “இன்னிக்குப் பார்க்கலையா?” என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. விடிய விடியத் தூங்கவும் இல்லை.

செல்வன்_மேட்டுப்பாளையம்: அந்தப் பெயரை ஏன் வைத்தேன் என்று அவரே வாய்திறந்து சொன்னாரா, நீங்கள் கேட்டு வாங்கினீர்களா? அதை எழுதுங்கள்.