பொருள்: Re: C5H10 வளைய மாற்றியம் 6-ஆ 7-ஆ, அந்த ஜோடிக்கு தமிழ்ல என்ன பேரு வைக்கலாம்

அரூர் டீச்சர்:
பிளஸ் டூ பேப்பர் திருத்திட்டு இருக்கேன். C5H10-க்கு வளைய மாற்றியம், புறவெளி மாற்றியமும் சேத்து மொத்தம் எத்தனைனு கேள்வி. ஆன்சர் கீ-ல 6. சைக்ளோபென்டேன், மெத்தில்சைக்ளோபியூட்டேன், எத்தில்சைக்ளோபுரோப்பேன், 1,1-டைமெத்தில் ஒண்ணு, 1,2-டைமெத்தில்ல சிஸ் ஒண்ணு டிரான்ஸ் ஒண்ணு. ஆனா அந்த டிரான்ஸ் ஒண்ணு இல்ல, ரெண்டு, கண்ணாடில பாத்த மாதிரி இருக்கும் ஆனா ஒண்ணு மேல ஒண்ணு பொருந்தாது. அதனால 7 தான் சரி. வெறுமனே "ஒளி மாற்றியம்"னா பசங்க ஒண்ணுன்னு எண்ணிடுறாங்க, அந்த ஜோடிக்கே ஒரு பேரு வேணும். "ஆடி இணை"ன்னு வைக்கலாமா?

பாலக்கோடு தம்பி:
மேடம் கைரல் கார்பன் ரெண்டு இருக்கே, 2^2 போட்டா 4 வரணும், மத்த நாலோட சேத்தா 8 தானே?

கிருஷ்ணகிரி சார்:
ரெண்டு கைரல் கார்பன்ங்கறது சரிதான் தம்பி, ஆனா ரெண்டுலயும் ஒரே மாதிரி குரூப் தொங்குது. சிஸ்ல CH2 கார்பன் வழியாவும் எதிர்ல இருக்கற பிணைப்போட நடு வழியாவும் ஒரு தளம் போட்டு பாருங்க, ரெண்டு பாதியும் ஒண்ணுக்கொண்ணு பிம்பம். அதனால அது மீசோ, ஒளிய சுழற்றாது, ஒண்ணு தான். டிரான்ஸ்ல அந்த தளம் கிடையாது, 180 டிகிரி சுத்தினா மட்டும் பழையபடி வரும், அது இருந்தாலும் ஒளிய சுழற்றும். ஆக 3. இதனாலதான் டீச்சர், "ஆடி இணை"ல எனக்கு தயக்கம். சிஸ்ஸுக்கும் கண்ணாடில பிம்பம் இருக்கே, ஆனா அது அதுவேதான். பொருந்தாதுங்கறது பேர்லயே வரணும், "பொருந்தா ஆடியிணை"ன்னு சொல்லலாம்.

ஓசூர் அம்மா:
எங்க பொண்ணு பேப்பர்லயும் இதே C5H10 தாங்க, 7-னு எழுதினதுக்கு தப்பு போட்டுட்டாங்க, மறுபடி திருத்த சொல்லி கேக்கலாமா?

அரூர் டீச்சர்:
கேள்வில "வளைய"ன்னு இருந்துச்சாங்க? இல்லன்னா ஆல்கீன் 6-ம் சேரும் (பென்ட்-2-ஈன் மட்டும் சிஸ், டிரான்ஸ்னு ரெண்டு), மொத்தம் 13. அப்ப 7 தப்புதான்.

இன்னொண்ணு, அதே கேள்விக்கு கீழ வளையத்துல உள்ள கார்பனோட இனக்கலப்பு என்னன்னு இருக்கு. மூணு கார்பனும் ஒரே தளத்துல இருக்குன்னு sp2 எழுதின பசங்கதான் சிஸ், டிரான்ஸையும் விட்டுட்டாங்க. ஒவ்வொரு கார்பனுக்கும் நாலு ஒற்றைப் பிணைப்பு, அதனால sp3, கோணம் 60-ன்னாலும் sp3 தான். வளையத்துக்கு மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு இடம் இருக்கறதாலதான் CH3 ரெண்டும் ஒரே பக்கமா எதிர்பக்கமான்னு கேள்வியே வருது. sp2-ன்னு நினைச்சா மேல கீழ யோசிக்கவே தோணாது.

கிருஷ்ணகிரி சார்:
அப்ப திருத்தறப்ப முதல்ல இனக்கலப்பு விடைய பாத்துட்டு அப்புறம் எண்ணிக்கைக்கு போங்க, எங்க வழுக்குச்சுன்னு தெரிஞ்சுடும்.

அரூர் டீச்சர்:
சரிங்க சார். பேரு விஷயத்துல "பொருந்தா ஆடியிணை" கொஞ்சம் நீளமா இருக்கு, மார்ஜின்ல எழுத இடம் பத்தாது. சுருக்கமா யாருக்காச்சும் தோணுதா?

பாலக்கோடு தம்பி:
"பொருந்தா இணை" போதாதா மேடம்?

கிருஷ்ணகிரி சார்:
போதாது தம்பி. சிஸ்ஸும் டிரான்ஸும் கூட ஒண்ணோட ஒண்ணு பொருந்தாதே, அதுங்க கண்ணாடி பிம்பமும் இல்ல. ஆடிய விட முடியாது.